பெருவிரலை எழுத மறந்த மெயில்

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனை ஊரில் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு மெயிலில் அனுப்பி செகண்ட் ஒப்பீனியன் கேட்டால் பதில் போடுவார்களா?

போடுவார்கள். என் முதல் மெயிலுக்கு ஆறு நாள் கழித்து இரண்டே வரி வந்தது. இரண்டாவது மெயிலுக்கு மறுநாளே ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. அதே டாக்டர், அதே இடுப்பு. நான் எழுதிய விதம்தான் வேறு.

நீங்களும் கல்ஃபில்தான் இருப்பீர்கள், லீவு கிடைக்காமல்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஓமனில் சோஹார் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். "மெயிலில் வைத்தியம் பார்க்கச் சொல்கிறான்" என்று கமெண்டில் யாரும் கிளம்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கினேன். இடது பிட்டத்தில் ஆரம்பித்த வலி தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கியது. மூன்று வாரம் மாத்திரை, பிறகு எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே இருக்கும் திரிக எலும்புக்கும் நடுவில் இருப்பது, இடது பக்கமாகப் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று இருந்தது. இன்சூரன்ஸ் அனுமதி வந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் இங்குள்ள சர்ஜன். அன்று இரவே மதுரையில் இருக்கும் ஒரு முதுகெலும்பு சர்ஜனுக்கு மெயில் போட்டேன். என் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் செய்தவர்.

அந்த மெயிலை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சப்ஜெக்ட்டில் "அவசரம்". உள்ளே "டாக்டர் வணக்கம், எம்ஆர்ஐ இணைத்திருக்கிறேன், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா சொல்லுங்கள்". அவ்வளவுதான். கூடவே நாலு போட்டோ. ஃபிலிமை ரூம் ஜன்னலில் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே வைத்து மொபைலில் எடுத்தவை. ஒன்றில் என் கை நிழல், இன்னொன்றில் பின்னால் காயும் லுங்கி.

பதில் வராததால் அதே போட்டோக்களை ஊரில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, நேரில் போய்க் காட்டச் சொன்னேன். அவர் அதைக் குடும்ப குரூப்பில் போட்டார். அரை மணியில் ஆளாளுக்கு வைத்தியம். பெரியம்மா கொள்ளு ஒத்தடம் சொன்னார், ஒரு சித்தி எண்ணெய் பெயர் சொன்னார், இன்னொருவர் "இந்த ஆபரேஷன் பண்ணினவன் எழுந்ததே இல்லை" என்று வாய்ஸ் நோட் போட்டார். ஃபிலிம் மூலையில் என் பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் பளிச்சென்று இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அதைவிடக் கொடுமை, தங்கச்சிக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரன் வீட்டுக்கு விஷயம் போய், "அண்ணனுக்கு முதுகு போயிடுச்சாமே, இனி யார் பார்த்துக்குவாங்க" என்று கேட்டார்களாம். பதினோரு வருஷம் அனுப்பின பணம் யாருக்கும் ஞாபகம் இல்லை, ஒரு ஸ்கேன் மட்டும் ஞாபகம் இருக்கிறது. சரி, அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. விட்டுவிடுகிறேன்.

ஆறாம் நாள் டாக்டரின் உதவியாளர் இரண்டு வரி எழுதினார். "போட்டோவை வைத்து எதுவும் சொல்ல முடியாது சார். சிடியில் இருக்கும் டைகாம் ஃபைல்களையும், உங்களுக்கு என்ன தொந்தரவு என்பதையும் விவரமாக அனுப்புங்கள்."

சிடி பீரோவில்தான் கிடந்தது. திறந்தால் ஒரு வியூவர் புரோகிராம், `DICOMDIR` என்று ஒரு ஃபைல், `IM000001` மாதிரிப் பெயர்களில் வால் இல்லாத ஃபைல்கள் வரிசையாக. கிளிக் செய்தால் திறக்காது. குப்பை என்று நினைத்துத்தான் முதல் தடவை ஒதுக்கியிருந்தேன். ஸ்கேனே அதுதான். ஃபிலிமில் பிரிண்ட் போட்டது அதிலிருந்து பொறுக்கிய சில படங்கள். சிடியில் நூற்றுமுப்பது படங்கள் இருந்தன. டாக்டர் அவர் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார். குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் தொட்டால் அது முதுகெலும்பில் எந்த உயரத்தில் வெட்டியது என்று பக்கவாட்டுப் படத்தில் கோடு விழும். மொபைல் போட்டோவில் அது நடக்காது.

அனுப்பியதிலும் அடிபட்டேன். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, என்னுடையது 60க்கு மேல். சுருக்கி ஜிப் செய்தாலும், சிடியில் இருக்கும் வியூவரின் `.exe` ஃபைல் உள்ளே இருந்தால் ஜிமெயில் தடுத்துவிடும். வியூவரை எடுத்துவிட்டு, படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் `DICOMDIR` ஃபைலையும் மட்டும் ஜிப் செய்து டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தேன். லிங்க்கை `Anyone with the link` என்று மாற்றாமல் அனுப்பினால் அந்தப் பக்கம் திறக்காது. திறக்காத லிங்க்குக்காக உங்களுக்கு யாரும் திரும்ப எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ரூம்மேட் மொபைலில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வேலை முடிந்ததும் லிங்க்கை மூடிவிட்டேன், குடும்ப குரூப் புண்ணியத்தில் அந்தப் புத்தி வந்தது.

ஆனால் ஃபைலைவிட எழுத்துதான் முக்கியமாக இருந்தது. இரண்டாவது மெயில் ஏறக்குறைய இப்படி (ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்):

"வயது 41, ஆண், கிடங்கு வேலை. சர்க்கரை இல்லை, முன்பு ஆபரேஷன் எதுவும் இல்லை. ஏழு வாரமாக இடது காலில் வலி. பிட்டம், தொடையின் வெளிப்புறம், கெண்டைக்கால், மேல்பாதம். பெருவிரலில் மரத்துப்போன உணர்வு, செருப்பு வார் பட்டால் தெரிவதில்லை. பெருவிரலை மேலே மடக்கினால் வலதைவிட பலம் குறைவு. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடிகிறது. சிறுநீர், மலம் சிரமம் இல்லை. சாப்பிட்ட மாத்திரைகள் பட்டியல் கீழே. ஸ்கேன் எடுத்த தேதி, ரிப்போர்ட் பிடிஎஃப், டைகாம் லிங்க் இணைப்பில். இங்கே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். என் கேள்வி ஒன்றுதான்: இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருக்கலாமா?"

பெருவிரல் விஷயமும் நுனிக்கால் விஷயமும் நானாக எழுதியதில்லை. பக்கத்து ரூமில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி, "எங்கே மரத்துப் போகுதுன்னு விரல் விரலா எழுதுங்கண்ணே, அதுதான் அவங்களுக்கு வேணும்" என்று சொல்லி, என்னை நிற்க வைத்து, மடக்க வைத்துப் பார்த்து எழுத வைத்தது.

டாக்டரின் பதில் அங்கேதான் ஆரம்பித்தது. ரிப்போர்ட்டில் சொன்ன இடத்தில் டிஸ்க் பிதுங்கினால் பொதுவாக மாட்டுவது எஸ்1 நரம்பு. அப்போது பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்துப்போகும், நுனிக்காலில் நிற்பது கஷ்டமாக இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் பெருவிரலும் மேல்பாதமும் எல்5 நரம்பு. அது வழக்கமாக ஒரு படி மேலே, எல்4-எல்5 டிஸ்க்கில் மாட்டும். படத்துக்கும் காலுக்கும் பொருந்தவில்லையே என்றுதான் எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்தாராம். பிதுங்கிய டிஸ்க்குக்குக் கீழே, கடைசி முள்ளெலும்பு இடுப்பெலும்போடு ஒட்டியதுபோல் சதுரமாக இருக்கிறது, அதற்கும் கீழே வளராத சின்ன டிஸ்க் ஒன்று தெரிகிறது. என் ஜன்னல் போட்டோவில் அந்தப் பகுதியே வெட்டுப்பட்டிருந்தது.

சிலருக்குப் பிறப்பிலேயே இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்பு கீழே இருக்கும் திரிக எலும்போடு சேர்ந்துவிடுமாம். அப்படிப்பட்டவருக்குக் கீழிருந்து எண்ணினால் நாலாவதை ஐந்தாவது என்று எண்ணிவிடலாம். ரிப்போர்ட் எல்5-எஸ்1 என்று சொல்வது உண்மையில் எல்4-எல்5 ஆக இருக்கலாம் என்று எழுதினார். "இருக்கலாம்" என்றுதான் எழுதினார், உறுதியாகச் சொல்லவில்லை. இடுப்பு மட்டும் தெரியும் ஸ்கேனில் எண்ணி முடிவு கட்ட முடியாது, கழுத்திலிருந்து கீழே வரை எண்ணும்படி முழு முதுகுப் படம் ஒன்றோ, விலா எலும்புகளோடு சேர்த்து எக்ஸ்ரேயோ வேண்டும் என்றார். ஆபரேஷன் செய்வதாக இருந்தால் இந்த எண்ணிக்கை தீராமல் மேஜைக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

என் கேள்விக்கும் பதில் இருந்தது. பெருவிரல் பலத்தை அங்குள்ள டாக்டர் கையால் சோதித்து எழுதட்டும். குறைவு லேசாக இருந்து, கூடாமல் இருந்து, வலியும் இறங்கினால் இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம். பலம் குறைந்துகொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மெயில் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

மருந்து எழுதிக் கேட்டேன், தரவில்லை. இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் விதிமுறையில் மெயிலும் ஒரு வழியாகச் சேர்க்கப்பட்டிருந்தாலும், நாட்டுக்கு வெளியே இருக்கிறவரைப் பார்ப்பது அதற்குள் வராது. "இது படங்களைப் பார்த்துச் சொல்லும் கருத்து, மருந்துச்சீட்டு அல்ல" என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தார். ஆயிரம் ரூபாய் வாங்கினார். இலவசமாகச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் நூற்றுமுப்பது படத்தை உட்கார்ந்து பார்க்கட்டும்.

இங்குள்ள சர்ஜனிடம் அந்தக் கடிதத்தைக் காட்ட எனக்குப் பயம். எகிப்துக்காரர், கோபக்காரர் என்று பேர். படித்தார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பெருவிரலை அழுத்திப் பார்த்தார், ஐந்துக்கு நாலு என்று எழுதினார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார். விலா எலும்பிலிருந்து கீழே எண்ணினால், விலா இல்லாமல் தனியாக நிற்கும் முள்ளெலும்பு நாலுதான். ஐந்தாவது இடது பக்கம் இடுப்போடு ஒட்டியிருந்தது. ரேடியாலஜிஸ்ட் பழைய ரிப்போர்ட்டோடு ஒரு திருத்தம் சேர்த்துக் கொடுத்தார். என் சர்ஜன் என்னைத் திட்டவே இல்லை, "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆபரேஷன் அன்று அவரே எக்ஸ்ரே வைத்து எண்ணியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. ஒன்பதாவது வாரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது, பலமும் குறையவில்லை. மெயில் போட்டால் ஆபரேஷன் தப்பிக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், என் டிஸ்க் அப்படி. உங்களுக்கு எந்த இடத்தில் ஸ்கேன் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டி என்றால் படம் மட்டும் போதாது, பயாப்சி ரிப்போர்ட்டையும் கேட்பார்கள், சில சமயம் அந்தக் கண்ணாடி ஸ்லைடையே கேட்பார்கள். அதை மெயிலில் அனுப்ப முடியாது.

மேல்பாதத்தில் செருப்பு வார் படும் இடம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. தங்கச்சிக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது.