உள்ளே இருப்பவர் பெயரைச் சொல்லி மெயில் எழுதும்போது: கேள்வி-பதில்

நான் ஆர்டர் கேட்டு எழுதப்போகும் கம்பெனியில் நண்பர் ஒருவர் ஸ்டோர்ஸில் இருக்கிறார். அவர் பெயரை சப்ஜெக்ட் வரியிலேயே போடலாமா?

அவரிடம் கேட்டிருந்தால் போடலாம். கேட்டீர்களா இல்லையா என்பதை நீங்கள் எழுதவே இல்லையே! "உங்கள் பெயரைப் போடட்டுமா, என்னவென்று சொல்லிப் போடட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நாங்கள் கம்ப்ரசர் ஏர் லைன் கசிவு பார்த்துக் கொடுக்கிறோம். ஒரு மில்லின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், "ராத்திரி மெஷின் ஓடாதபோதும் கம்ப்ரசர் லோடு ஆகி, காற்றை அழுத்துகிறது" என்றார். அதை அப்படியே ஜி.எம்.முக்கு எழுதினேன். பதில் இல்லை, இப்போது சூப்பர்வைசரும் போனை எடுப்பதில்லை. ஏன்?

எப்படி எடுப்பார்? அவர் பராமரிக்கும் லைன் ஒழுகுகிறது என்று அவருடைய மேலதிகாரிக்கே நீங்கள் புகார் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவர் வாயாலேயே சொன்னதாக. வருஷக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: உள்ளே இருப்பவர் தந்த பெயரைப் பயன்படுத்தலாம், அவர் சொன்ன குறையைப் பயன்படுத்தக் கூடாது. குறையை எல்லா மில்லுக்கும் பொதுவானதாக மாற்றி எழுத வேண்டும். உங்கள் மெயில் இப்படி இருந்திருக்கலாம்:

"தங்கள் மெயின்டனன்ஸ் பிரிவு திரு. ...... அவர்களிடம் பேசியபோது, ஏர் லைன் விஷயத்தில் முடிவெடுப்பது தாங்கள் என்று சொன்னார். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பழைய லைன்களில் 20, 30 சதவீதம் காற்று கசிவில் போவது சகஜம். மெஷின்கள் நிற்கும் ஒரு விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் அரை மணி நேரம் ஓட்டி, லோடு ஆகும் நேரத்தைக் குறித்தால் தெரிந்துவிடும்; பத்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் லோடு என்றால் சுமார் 30 சதவீதம் கசிவு. வரும் ஞாயிறு வந்து அளந்து காட்டட்டுமா?"

சூப்பர்வைசர் இதில் வழிகாட்டியவராக மட்டும்தான் வருகிறார், கோள் சொன்னவராக இல்லை. அனுப்புவதற்கு முன் அவருக்குக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது, ஜி.எம். கூப்பிட்டுக் கேட்டால் அவர் முழிக்க மாட்டார். சிசி மட்டும் போடாதீர்கள், மேலதிகாரி பதில் எழுதத் தயங்குவார். இப்போதைக்கு ஜி.எம்.மை விட்டுவிட்டு, முதலில் அந்த மனிதரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள்.

ஆர்டர் வந்தால் சொல்லிவிட்டவருக்கு எத்தனை சதவீதம் கொடுக்கலாம்?

பூஜ்யம். அவர், உங்களிடம் வாங்கும் கம்பெனியின் சம்பளக்காரர்; அவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் கமிஷன் இல்லை, லஞ்சம். வெளியே தெரிந்தால் அவர் வேலையும் போகும், அந்தக் கம்பெனியோடு உங்கள் வியாபாரமும் போகும்.

நாலு நாளாகப் பதில் இல்லை. நண்பரை விட்டு ஞாபகப்படுத்தச் சொல்லலாமா?

கூடாது. வேலை நாள் ஐந்து போகட்டும், அதே மெயிலின் கீழே நீங்களே மூன்று வரி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு போன், அவ்வளவுதான். பெயரைக் கேட்டு வாங்கும்போதே சம்மதமும் கேட்டீர்கள்தானே?

பெயர் கொடுத்தவர் போன மாதம் அங்கிருந்து ராஜினாமா செய்துவிட்டார். இனி?

ஏன் போனார் என்று விசாரிக்காமல் அந்தப் பெயரை எழுதாதீர்கள்.