கொள்வனவுக் கொப்பியின் ஒரு பக்கம்

வணக்கம் அக்கா. பரந்தனில் சின்ன அரிசி ஆலை ஒன்று நடத்துகிறேன். நெல் கொள்வனவு, முற்பணம், பாக்கி எல்லாம் இன்னும் கொப்பியில்தான். இதற்கு ஒரு மென்பொருள் செய்விக்க இரண்டு பெடியள் வந்து கதைத்தார்கள். ஒருவர் அறிவியல் நகரில் படித்தவர், மற்றவர் கொழும்பில் வேலை செய்தவர். இருவரும் நன்றாகத்தான் கதைக்கிறார்கள். கணினி தெரியாத நான் யாரை எடுப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், பரந்தன்

தம்பி, வணக்கம்.

கதைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கொப்பியில் போன காலபோகத்து நாள் ஒன்றின் பக்கத்தைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். கமக்காரரின் பெயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். "இந்தப் பக்கத்தைப் பதிந்து, ஆளுக்கொரு பற்றுச்சீட்டு வரச் செய்து காட்டுங்கள்" என்று சொன்னால் போதும். ஒரு நாளில் முடிகிற வேலைதான். அந்த நாளுக்கான கூலியை எடுபடாதவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் கெட்டிக்காரன் வரமாட்டான்.

பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர், முற்பணம் வாங்கியிருந்த ஒருவர், ஈரமான நெல் கொண்டுவந்த ஒருவர் அதில் இருக்கட்டும். உதாரணத்துக்கு ஈர நெல்லை எடுங்கள். சாக்கு எடை கழித்து 1000 கிலோ, ஈரப்பதம் 17 வீதம், நீங்கள் விலை பேசுவது 14 வீதத்துக்கு. மூன்று வீதம்தானே என்று நேரே கழித்தால் 970 கிலோ. ஈரம் போக மிஞ்சுவது 17 வீதத்தில் 83, 14 வீதத்தில் 86 என்ற கணக்குப்படி 1000ஐ 83ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் ஏறக்குறைய 965 கிலோ. எது உங்கள் ஆலையின் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வேலையைத் தொடங்க முன்னரே "அண்ணை, கழிவை எப்படிப் போடுறீங்கள்?" என்று போன் எடுத்துக் கேட்கிறாரா? இல்லை, ஏதோ ஒன்றைத் தானே ஊகித்துப் போட்டு, அழகான திரையோடு வந்து நிற்கிறாரா? கேட்காமல் ஊகிக்கிறவர் நாளைக்கு மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்.

கொண்டுவந்து காட்டும்போது முதலில் தொகையைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். பிறகு நெல் விலையை மாற்றச் சொல்லி, ஏற்கனவே அடித்த பற்றுச்சீட்டைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். பழைய சீட்டின் தொகையும் சேர்ந்து மாறினால் பெரிய பிழை. இன்றைய விலை நேற்று வாங்கிய நெல்லைத் தொடக்கூடாது. அப்புறம் ஒரு பதிவை அழிக்கச் சொல்லுங்கள். யார், எப்போது அழித்தார் என்ற தடயம் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் தராசடியில் நிற்பவர் எதையும் மறைக்கலாம். ஒரே நாள் வேலையில் இது விடுபட்டிருக்கலாம், அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். சுட்டிக்காட்டியதும் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

உங்களால் பார்க்க முடியாதது மென்பொருளுக்குள்ளே அவர்கள் எழுதியிருக்கிற கட்டளைகள், அதாவது கோட். அதற்குத்தான் வெளியாள் வேண்டும். கனடாவில் ஐடியில் இருக்கிற மச்சானைக் கேட்கலாம் என்று தோன்றும். கேளுங்கள், ஆனால் அவர் இன்றைக்கும் கோட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவரா என்று முதலில் அறியுங்கள். ஐடியில் இருக்கிற எல்லாரும் எழுதுவதில்லை. பிரிண்டர் திருத்துகிற கடைக்காரரும் இதற்கு ஆள் இல்லை. இந்த வேலையைத் தானே எடுக்க ஆசைப்படுகிறவரும், அந்தப் பெடியளுக்கு உறவானவரும் வேண்டாம்.

மச்சானிடம் "ஆள் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிச் செய்யுங்கள்: முக்கால் மணித்தியாலம் வீடியோ அழைப்பில் மூவரும் இருங்கள். பெடியன் தான் எழுதியதைத் திரையில் திறந்து, ஒரு பற்றுச்சீட்டின் தொகை எங்கே கணக்கிடப்படுகிறது என்று காட்டட்டும். பிறகு மச்சான் சொல்கிற சின்ன மாற்றம் ஒன்றை அங்கேயே செய்யட்டும், சாக்கு எடையைத் தனி வரியாகக் காட்டுவது மாதிரி. தானே எழுதியவர் தடுமாறினாலும் எங்கே கைவைப்பது என்று கண்டுபிடிப்பார். வேறு யாரோ எழுதியதைக் கொண்டுவந்தவருக்கு அந்த இடமே தெரியாது. முடிந்ததும் மச்சானிடம் ஒரு கேள்வி: "இவர் நாளைக்கு வெளிநாடு போனால், இன்னொருவர் இதை எடுத்து நடத்தலாமா?" எங்கள் பக்கத்தில் இது கற்பனைக் கேள்வி இல்லை.

கொழும்பில் வேலை செய்தவர் பெரிய பெரிய தளங்களைக் காட்டுவார். அதில் அவர் செய்த பகுதி எது என்று கேளுங்கள். குழு வேலையில் ஒரு பட்டனைச் செய்தவரும் அதே தளத்தைத்தான் காட்டுவார். இருவரிடமும் முன்னர் வேலை செய்வித்த ஒருவரின் இலக்கத்தை வாங்கி, கடைசிக் காசு கொடுத்த பிறகு பழுது வந்தபோது எத்தனை நாளில் திரும்பக் கதைத்தார் என்று விசாரியுங்கள்.

யாரை எடுத்தாலும் கோட் சேமித்து வைக்கும் இணையக் கணக்கும், சேவர் வாடகையும், டொமைன் பெயரும் முதல் நாளே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். அதற்கு முகம் சுளிப்பவர் என்றால் மற்றவரைக் கூப்பிடுங்கள்.