ஊர்கள் நெருக்கமாக இருக்கும் வரைபடத்தில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், முக்கியமான ஊர்கள் விட்டுப்போகாமலும் எழுதுவது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1:5,00,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். ஒரு பெயர் தாளில் 20 மி.மீ. நீளம் வந்தால் அது தரையில் 10 கி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிழக்கு மேற்காக 4 கி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களின் புள்ளிகளுக்கு நடுவே தாளில் 8 மி.மீ.தான். இரண்டு பெயரையும் வலப்பக்கம் எழுதினால் மோதத்தான் செய்யும். மேற்கே இருப்பதன் பெயரை இடப்பக்கம் தள்ளினால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். அதனால் எழுத்தைச் சிறிதாக்கும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். புள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே எழுதுவதுதான் வழக்கமான முதல் தேர்வு. அது முடியாதபோது மற்ற பக்கங்கள்.

அப்படியும் எல்லாப் பெயருக்கும் இடம் வராது. எதை விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பல காலம் மக்கள்தொகையை வைத்தே வரிசைப்படுத்தினேன், அது தவறு. ஒரு பெருநகரை ஒட்டி 2 லட்சம் பேர் வாழும் புறநகர் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி 40,000 பேர் மட்டுமே உள்ள ஒரு மாவட்டத் தலைநகர். இரண்டு பெயரும் மோதும்போது புறநகர் ஜெயித்து, பார்ப்பவர் தேடிவந்த தலைநகர் காணாமல் போகும். அதனால் தரவில் தர நிலைக்கு rank என்ற பெயரில் ஒரு நெடுவரிசை சேர்த்து, மிக முக்கியமானதற்கு 1 என்று தொடங்கி 1, 2, 3 எனக் கையாலேயே நிரப்புங்கள். மூன்று நிலை போதும்.

QGIS என்ற வரைபட மென்பொருளில் லேபிள் அமைப்பின் Placement பகுதியில் Cartographic முறையைத் தேர்ந்தெடுத்து, Priority-க்கு இந்தக் கோவையைக் கொடுங்கள் (10 உச்சம்):

```
CASE WHEN "rank" = 1 THEN 10
     WHEN "rank" = 2 THEN 6
     ELSE 2 END
```

அப்புறம் லேபிள் கருவிப்பட்டையில், இடம் கிடைக்காத பெயர்களைச் சிவப்பில் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். சிவப்பில் முதல் நிலை ஊர் ஒன்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முன்னுரிமை கொடுத்துவிட்டோம் என்று இதைப் பார்க்காமல் விடாதீர்கள், அது உத்தரவாதம் இல்லை.

இன்னொன்றையும் கண்ணால் பாருங்கள்: ஒரு பெயர் பக்கத்து ஊரின் புள்ளியை ஒட்டி நிற்கிறதா? பெயரே இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் படிப்பவர் அதை வேறு ஊர் என்று நம்பிவிடுவார். அப்படிச் சந்தேகம் வரும் இடத்தில் மூன்றாம் நிலைப் பெயரைத் தயங்காமல் எடுத்துவிடுவேன்.

மிச்சம் நிற்கும் சிலவற்றைக் கையால் நகர்த்தலாம். ஆனால் அச்சிடும் அளவுகோலை முடிவு செய்த பிறகே நகர்த்துங்கள். நகர்த்திய இடம் நிலப்பரப்பின் ஆயங்களாகப் பதிவாவதால், வரைபடத்தைப் பெரிதாக்கினால் பெயர் தன் புள்ளியை விட்டு விலகிப் போய்விடும்.