மணிக்கு எவ்வளவு லாபம்? விகிதக் கணக்கை எல்.பி.யாக மாற்றுவது: கேள்வி பதில்

கோவையில் பட்டறை நடத்துபவர்: லேத்தில் ஷாஃப்ட், புஷ் இரண்டும் ஓட்டுகிறேன். ஷாஃப்ட் ஒன்றுக்கு 60 ரூபாய் நிற்கும், 6 நிமிடம் ஆகும். புஷ் ஒன்றுக்கு 20 ரூபாய், 3 நிமிடம். ஒரு லோடுக்கு இரண்டுக்கும் சேர்த்து செட்டிங் 2 மணி நேரம். பார்ட்டி ஒரு லோடில் ஷாஃப்ட் 60, புஷ் 80 வரை எடுப்பார். மணிக்கு வரும் லாபம் அதிகமாக இருக்க வேண்டும். எக்செல் சால்வரில் லாபத்தை நேரத்தால் வகுத்துப் போட்டால் லீனியர் இல்லை என்கிறது சார்.

சால்வர் சொல்வது சரிதான். மேலே 60x1 + 20x2, கீழே 2 + 0.1x1 + 0.05x2. தனித்தனியாக இரண்டும் நேர்கோடு, வகுத்தால் இல்லை. இதை எல்.பி.யாக, அதாவது எல்லாமே நேர்கோடாக இருக்கும் லீனியர் புரோகிராமிங் கணக்காக மாற்றும் வழியை 1962-லேயே சார்ன்ஸ், கூப்பர் என்ற இருவர் காட்டிவிட்டார்கள்.

ஒரு முழு லோடைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை ஷாஃப்ட் என்பது y1, எத்தனை புஷ் என்பது y2, லோடில் எத்தனை பங்கு முடிகிறது என்பது t. லோடு 8 மணி நேரம் பிடித்தால் t எட்டில் ஒன்று. இப்போது கணக்கு இப்படி ஆகிறது:

```
max  60 y1 + 20 y2
2 t + 0.1 y1 + 0.05 y2 = 1
y1 <= 60 t
y2 <= 80 t
y1, y2, t >= 0
```

வகுத்தலே இல்லை. முதல் கட்டுப்பாடு "மொத்தம் ஒரு மணி நேரம்" என்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதைக் கவனியுங்கள்: பழைய "60-க்கு மேல் கூடாது" என்பது "60t-க்கு மேல் கூடாது" என்று மாறியிருக்கிறது. லோடில் பங்கு குறைந்தால் எல்லையும் அதே பங்குக்குக் குறைய வேண்டுமே. தனி எண்ணாக நிற்கும் ஒவ்வொன்றையும் t-யால் பெருக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் கணக்கு கெடுகிறது.

விடை: y1 = 7.5, y2 = 0, t = 0.125. மணிக்கு 450 ரூபாய். லோடுக்கு எத்தனை என்று பார்க்க y-ஐ t-யால் வகுத்தால் போதும்: 7.5 / 0.125 = 60 ஷாஃப்ட். லோடு நேரம் 1/t, அதாவது 8 மணி.

அதே பட்டறைக்காரர்: புஷ்ஷே வேண்டாம் என்கிறதா? 80 புஷ் ஓட்டினால் 1600 ரூபாய் கூடுதலாக வருமே!

வரும். லோடுக்கு 3600-க்குப் பதில் 5200. ஆனால் நேரம் 8-லிருந்து 12 மணி ஆகும், மணிக்கு 433 ரூபாய்தான் நிற்கும். கிரிக்கெட்டில் ரன் ரேட் மாதிரிதான்: ஓவருக்கு 9 போய்க்கொண்டிருக்கும்போது 8 ரன் எடுத்த ஓவர் ஸ்கோரைக் கூட்டும், ரேட்டைக் குறைக்கும். உங்கள் புஷ் தனியாக மணிக்கு 400 கொடுக்கிறது, ஷாஃப்ட் மட்டும் ஓட்டும் லோடு 450 கொடுக்கிறது.

எது சரி என்பதைக் கணக்கு சொல்லாது, உங்கள் ஆர்டர் புத்தகம்தான் சொல்லும். மிச்சமாகும் 4 மணி நேரத்தில் அடுத்த லோடு ஏற்ற வேலை இருக்கிறதா? இருந்தால் 450. லோடு முடிந்ததும் மிஷின் சும்மா நிற்கும் என்றால் புஷ்ஷையும் ஓட்டி 5200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மணிக் கணக்கே தேவையில்லை, மொத்த லாபத்துக்குச் சாதாரண எல்.பி. போதும். சேமித்த நேரம் திரும்பப் பயன்படும் இடத்தில்தான் இந்த விகிதத்துக்கு அர்த்தம்.

கல்லூரி மாணவர்: எல்.பி. எதற்கு அண்ணா? எது மணிக்கு அதிகம் தருகிறதோ அதை முதலில் நிரப்பி, ரேட் இறங்கத் தொடங்கியதும் நிறுத்தினால் போதாதா?

இந்த உதாரணத்துக்குப் போதும் தம்பி, நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள். பொருளுக்கு ஓர் எல்லை என்று தனித்தனியாக இருக்கும் வரை அது வேலை செய்யும். ஒரே இரும்புக் கம்பியை இரண்டும் பங்கு போட்டால், அல்லது "இரண்டு ஷாஃப்டுக்கு ஒரு புஷ்ஷாவது சேர்த்துக் கொடு" என்று பார்ட்டி கேட்டால், வரிசை போடும் முறை தடுமாறும். இரண்டாவதற்கு எல்.பி.யில் y2 >= 0.5 y1 என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே தனி எண் இல்லாததால் t-கூட வராது. விடை 60 ஷாஃப்ட், 30 புஷ், 9.5 மணி நேரம், மணிக்குச் சுமார் 442.

எல்.பி.யில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முதல் கணக்கில் "ஒரு மணி நேரம்" என்ற கட்டுப்பாட்டின் நிழல் விலையை, அதாவது அந்த நேரம் கூடினால் லாபம் எந்த வீதத்தில் கூடும் என்பதைப் பாருங்கள், அதே 450 வரும். அது தற்செயல் இல்லை. y, t எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுபோனால் வலப்பக்கத்தில் பூச்சியம் அல்லாத எண் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது, அதனால் மொத்த மதிப்பும் அதன் தலையில் விழுகிறது. புஷ் 0.05 மணி தின்கிறது என்றால், அது 450 × 0.05 = 22.50 ரூபாய் கொடுத்தால்தான் லேத்தில் ஏறலாம். இப்போது 20 கொடுக்கிறது. பார்ட்டியிடம் பேரம் பேசப் போகும்போது இந்த 2.50 கையில் இருக்க வேண்டிய எண்.

பட்டறைக்காரர்: அந்த 2.50 உபயோகமான விஷயம் சார். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், ஒவ்வொரு செட்டிங்குக்கும் டூல் செலவு 400 ரூபாய் ஆகிறது. அதையும் கழிக்க வேண்டுமா?

கட்டாயம். மேலே −400 சேரும், எல்.பி.யில் அது −400t. ஆனால் இப்போது ஒரு வேடிக்கை நடக்கும். 60 ஷாஃப்ட் மட்டும்: 3200 / 8 = மணிக்கு 400. 80 புஷ்ஷும் சேர்ந்தால்: 4800 / 12 = அதே 400. நடுவில் எத்தனை புஷ் போட்டாலும் 400-தான். சால்வர் இதில் ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டுப் போய்விடும், இன்னொரு விடை இருக்கிறது என்று சொல்லாது. ரெட்யூஸ்டு காஸ்ட் என்பது ஒரு புஷ்ஷை உள்ளே நுழைத்தால் லாபம் எவ்வளவு மாறும் என்று சால்வர் காட்டும் எண். y2 பூச்சியமாக இருந்தும் அதன் ரெட்யூஸ்டு காஸ்ட்டும் பூச்சியம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் மணிக் கணக்கு உங்களுக்கு உதவாது. செட்டிங் போடும் ஆள் தொந்தரவைப் பார்த்தால் நான் பெரிய லோடைத்தான் எடுப்பேன்.

மென்பொருள் துறையில் இருப்பவர்: பைத்தானில் எழுதிக் காட்ட முடியுமா? எனக்கு t = 0 என்று வருகிறது, வகுத்தால் எரர் அடிக்கிறது.

டூல் செலவு இல்லாத முதல் கணக்கு:

```python
from scipy.optimize import linprog
c = [-60, -20, 0]                    # y1, y2, t
A_ub = [[1, 0, -60], [0, 1, -80]]
r = linprog(c, A_ub=A_ub, b_ub=[0, 0],
            A_eq=[[0.1, 0.05, 2]], b_eq=[1])
y1, y2, t = r.x
print(-r.fun, y1/t, y2/t, 1/t)
```

`linprog` சிறுமம்தான் தேடும், அதனால் `c`-யில் குறி மாறியிருக்கிறது.

t = 0 என்பது எரர் இல்லை, அதுவே ஒரு பதில். `A_ub`-இல் முதல் வரியை எடுத்துவிட்டு, `b_ub`-ஐயும் `[0]` என்று மாற்றி ஓட்டுங்கள்: y1 = 10, t = 0, மணிக்கு 600 என்று வரும். ஷாஃப்டுக்கு எல்லையே இல்லையென்றால் லோடு நீள நீள, செட்டிங்கின் 2 மணி நேரம் கரைந்து 600-ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. உங்கள் கணக்கில் ஏதோ ஒரு எல்லையை எழுத மறந்திருக்கிறீர்கள், அல்லது எழுதிய எல்லையில் t-ஐத் தப்பான பக்கம் போட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் கேட்டரிங் செய்பவர்: எனக்கு இட்லி, பொங்கல், வடை மூன்றும் ஆர்டர் வரும். இப்படிக் கணக்குப் போட்டால் "ஒரே ஒரு வடை போடு" என்கிற மாதிரி விடை வருகிறது!

அக்கா, நேரத்தில் வடை ஒன்றுக்கு இத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். அடுப்பு மூட்டுவது, உளுந்து ஊறப் போட்டு அரைப்பது, கடைசியில் பாத்திரம் கழுவுவது எல்லாம் விட்டுப்போயிருக்கும். கீழே நிலையான நேரம் இல்லையென்றால் ஒரு வடைக்கும் நூறு வடைக்கும் விகிதம் ஒன்றுதான். சால்வருக்கு அளவைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தத் தயாரிப்பு நேரத்தைச் சேருங்கள். ஆர்டர் எடுத்தால் குறைந்தது இத்தனை கொடுத்தாக வேண்டும் என்பதையும் எழுதுங்கள், t-யோடு. வரும் விடை அதற்கப்புறம்தான் நம்பத் தகுந்தது.

ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேலாளர்: எக்செல் சால்வரில் நேர்கோடு இல்லாத கணக்குக்கான GRG Nonlinear முறையைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தை அப்படியே விட்டாலும் விடை வருகிறதே. இத்தனை மாற்றம் அவசியமா?

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அனுமதித்த இடம் முழுக்கக் கீழே இருப்பது பூச்சியத்துக்கு மேல் என்றால், இவ்வகை விகிதத்துக்குப் பொய்ச் சிகரம் கிடையாது, உள்ளூர்ப் பெருமமே முழுப் பெருமம். ஆகவே GRG தரும் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மாறிகள் நூற்றுக்கணக்கில் போனால் எல்.பி. உறுதியாக முடியும், நழுவி நிற்காது. கீழே இருப்பது எங்காவது பூச்சியத்தைத் தாண்டிப் போகக்கூடும் என்றால் இரண்டு வழியும் ஆபத்து. மணி நேரம் அப்படிப் போகாது. "செலவு கழித்த முதலீடு" மாதிரி கழித்தல் உள்ள ஒன்றைக் கீழே வைத்தால்தான் கவனம் தேவை.

மாணவர்: முழு எண் மட்டும்தான் வேண்டும் என்றால் y-ஐ முழு எண் ஆக்கினால் போதுமா?

ஆகாது. 60 ஷாஃப்ட் என்பது இங்கே y1 = 7.5. முழு எண்ணாக இருக்க வேண்டியது y/t, அதை எல்.பி.யில் எழுத முடியாது. அதற்கு டிங்கல்பாக் என்பவர் 1967-இல் தந்த வழி நல்லது. ஒரு ரேட்டை ஊகியுங்கள், லாபத்திலிருந்து ரேட் × நேரத்தைக் கழித்துப் பெருமம் காணுங்கள், x முழு எண் என்ற நிபந்தனையோடே. 433.33-இல் தொடங்குவோம்: ஷாஃப்ட் ஒன்றுக்கு 60 − 43.33, அதாவது 16.67 மிச்சம். புஷ் ஒன்றுக்கு 1.67 நட்டம். எனவே 60 ஷாஃப்ட், புஷ் இல்லை. செட்டிங்கின் 866.67-ஐக் கழித்தால் 133.33 மிச்சம், பூச்சியத்துக்கு மேல். அப்படியென்றால் ஊகித்த ரேட் குறைவு. இந்தத் திட்டத்தின் ரேட் 450, அதை வைத்து மறுபடி: மிச்சம் சரியாகப் பூச்சியம். முடிந்தது.

பட்டறைக்காரர்: கடைசியாக ஒன்று சார். கிரைண்டிங் மிஷின் தனியாக இருக்கிறது. லேத்துக்கு மணி லாபம், கிரைண்டிங்குக்கு மணி லாபம், இரண்டையும் கூட்டிப் பெருமம் காணலாமா?

அதற்கு இந்த மாற்றம் ஒத்துவராது. கீழே வகுக்கும் நேரம் இரண்டு இருக்கின்றன, ஒரு t-யால் இரண்டையும் 1 ஆக்க முடியாது. விகிதங்களின் கூட்டல் பொதுவாகவே கடினமான கணக்கு. உங்கள் அளவுக்கு ஒரு கைவழி உண்டு: கிரைண்டிங் மணிக்கு 300-ஆவது தரட்டும் என்று வையுங்கள். அது "லாபம் − 300 × நேரம் >= 0" என்ற சாதாரணக் கட்டுப்பாடு. அதோடு லேத் விகிதத்தை மேலே சொன்னபடி எல்.பி.யாக்கித் தீருங்கள். பிறகு 320, 340 என்று ஏற்றிப் பார்த்து, கூட்டல் எங்கே உச்சம் என்று பாருங்கள்.

ஆனால் கூட்டல்தான் உங்களுக்கு வேண்டுமா என்று எனக்குத் தெளிவில்லை. ஒரே ஆள் இரண்டு மிஷினையும் பார்க்கிறாரா, தனித்தனி ஆளா? ஒரே ஆள் என்றால் அவருடைய மணி நேரத்தைத்தான் கீழே போட வேண்டும், அப்போது பழையபடி ஒரே விகிதம்.

பட்டறைக்காரர்: காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் இரண்டு பேர் சார்.

அப்படியானால் காலை ஷிப்டையும் மதிய ஷிப்டையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், எந்த மிஷின் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதோடு. அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.