இழப்பீடு மறுப்பு: காலாவதியான லைசென்ஸும் சொந்தக் காரின் சேதமும்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். 2025 மார்ச் 22 அன்று எண்ணூர் விரைவுச் சாலையில் என் கார் ஒரு பைக்கில் மோதித் தடுப்பில் இடித்தது. லைசென்ஸ் மார்ச் 4-லேயே முடிந்திருந்தது தெரியாது. ஏப்ரல் 2-ல் புதுப்பித்துவிட்டேன். பைக்காரரின் வழக்கை இன்சூரன்ஸ் கம்பெனி நடத்துகிறது. என் காரின் ரிப்பேர் செலவை மட்டும் மறுக்கிறது. முழு பாலிசிக்குப் பணம் கட்டியும் இப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. ஆனால் நீங்கள் சொல்லும் தேதிகளை வைத்துப் பார்த்தால், கம்பெனி மறுத்ததற்கு அடிப்படை இருக்கிறது.

உங்கள் பாலிசியில் 'ஓட்டுநர் பிரிவு' என்று ஒன்று இருக்கும். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொன்னது. அந்தச் சலுகை இருந்திருந்தால் 18 நாள் இடைவெளி உங்களைப் பாதித்திருக்காது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது முடிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும். ஏப்ரல் 2-ல் வாங்கியது மார்ச் 22-ஐக் காப்பாற்றாது.

அப்படியென்றால் பைக்காரருக்கு மட்டும் ஏன்? அவர் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நபர். உங்கள் லைசென்ஸ் குறையால் அவர் நஷ்டப்படக் கூடாது என்று சட்டம் அவருக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. சொந்தக் காரின் சேதமோ உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். லைசென்ஸ் வழக்குகளில் மூன்றாம் நபருக்குக் காட்டும் சலுகை சொந்தச் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் லட்சுமி நாராயண் தூத் வழக்கில் சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: பைக்காரருக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் கம்பெனிக்கு அனுமதி தரலாம். அந்த வழக்கில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் வக்கீல் வைத்து ஆஜராகுங்கள்.

ஒன்றை மட்டும் உடனே சரிபாருங்கள். எப்போதாவது டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வாங்கியிருந்தால், பழைய கார்டில் இரண்டு தேதிகள் இருக்கும். போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. மார்ச் 4-ல் முடிந்தது போக்குவரத்துத் தேதி மட்டும் என்றால், சொந்தக் காரை ஓட்ட உங்களுக்குத் தகுதி இருந்தது, மறுப்பு தவறு. பரிவாகன் தளத்தில் உங்கள் லைசென்ஸ் விவரத்தை எடுத்து, மறுப்புக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்படி இருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. இரண்டு தேதியும் மார்ச் 4-லேயே முடிந்திருந்தால், ரிப்பேர் தொகைக்காக வழக்குப் போட்டு இன்னும் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.