வண்டு டப்பாவுக்குள் எப்படி வருகிறது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர். மாதக் கடையில் 25 கிலோ புழுங்கலரிசி மூட்டை வாங்கி, புதிதாக வாங்கிய எவர்சில்வர் டிரம்மில் கொட்டி வைத்தேன். நான்காவது வாரம் மூடியைத் திறந்தால் வண்டு. மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துச் சலித்து மீண்டும் கொட்டினேன். இரண்டே வாரத்தில் திரும்பவும் வந்துவிட்டது. பச்சைப் பயறிலும் கோதுமை மாவிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடி ஜாடி வாங்கச் சொல்கிறார், என் தங்கை ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா என்கிறாள். எதை நம்பி வாங்குவது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த டிரம்மைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். நீங்கள் கண்ட வண்டு வெளியிலிருந்து மூடியைத் தாண்டி வந்ததில்லை. பெரும்பாலும் மூட்டையோடுதான் வந்திருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

அரிசியில் வரும் கூன்வண்டுக்கு யானைத் துதிக்கை போல நீண்ட மூக்கு இருக்கும். பெண் வண்டு அந்த மூக்கால் அரிசி மணியில் சிறு குழி தோண்டி, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் குழியை அடைத்துவிடும். அதன் பிறகு அந்த மணியைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் நல்ல அரிசியாகவே தெரியும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாவது முழுவதும் அந்த ஒரே மணிக்குள்தான் நடக்கும். நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நீங்கள் நான்காவது வாரத்தில் வண்டைப் பார்த்தது அதனால்தான். மூன்று பேர் ஒரு நாளைக்கு அரைக் கிலோ சமைத்தால் 25 கிலோ 50 நாட்களுக்கு வரும். அதாவது பூச்சி ஒரு தலைமுறையை முடித்து, அடுத்த தலைமுறைக்கு முட்டையிட்டு முடிக்கும் வரை அரிசி உங்கள் டிரம்மில் காத்திருக்கிறது.

வெயிலில் காயவைத்தும் அது திரும்பி வந்ததற்கும் காரணம் இதுதான். சூடு பட்டதும் நடமாடும் வண்டுகள் ஓடிவிடும். சல்லடையும் மிச்சத்தை எடுத்துவிடும். மணிக்குள் இருக்கும் புழு அசையாது. விரித்து வைத்த அரிசியின் சூடு அதைக் கொல்லும் அளவுக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. இரண்டு வாரத்தில் வெளியே வந்தவை அன்று உள்ளே பாதி வளர்ந்திருந்தவை. கடும் வெயிலில் அரிசி வெடித்து நொய்யாவதுதான் மிச்சம். நொய்யிலும் அரிசித் தூளிலும் மாவு வண்டு சுலபமாகக் குடியேறும்.

ஆகவே எந்த டப்பாவும் உள்ளே இருப்பதைக் கொல்வதில்லை. டப்பா செய்யும் வேலை இரண்டு: வெளியே திரிவதை உள்ளே விடாமல் தடுப்பது, ஒரு டப்பாவில் கிளம்பியதை அடுத்த டப்பாவுக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பது. இந்த இரண்டையும் செய்வது மூடிதான். எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மூடியை இப்படிச் சோதியுங்கள். பெரிய டிரம் என்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறிய டார்ச்சை எரியவிட்டு டிரம்முக்குள் வைத்து மூடுங்கள். விளிம்பைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால் அது வண்டுக்கு வாசல். நம் கடைகளில் விற்கும் எவர்சில்வர் டிரம்களில் பலவற்றின் மூடி, வாய்மேல் தொப்பி போல உட்காருமே தவிர இறுகாது. சிறிய டப்பா என்றால் பாதி தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். சொட்டாவிட்டால் வாங்கலாம். கண்ணாடி ஜாடிகளிலும் இதைச் செய்து பாருங்கள். மரை போட்ட மூடிக்குள் ரப்பர் வளையமோ மெத்தை போன்ற அட்டையோ இல்லாவிட்டால், பூச்சி அந்த மரை வழியாகவே சுற்றிச் சுற்றி உள்ளே போய்விடும். என் வீட்டுச் சர்க்கரை ஜாடிக்குள் எறும்பு அப்படி ஏறுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

இனி பொருளுக்கு ஏற்ற பாத்திரத்துக்கு வருகிறேன்.

பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, காராமணி போன்ற முழுப் பயறுகளுக்கு என் ஓட்டு கண்ணாடிக்கே. இவற்றைத் தாக்கும் பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே தொடங்கிவிடுகிறது. காயின் மீது முட்டையிட்டு, அறுவடையோடு வீடு வந்து சேர்கிறது. நல்லவேளையாக இது அரிசி வண்டைப் போல முட்டையை ஒளித்து வைப்பதில்லை, பயறின் தோல்மீதே ஒட்டிவிடுகிறது. ஒரு பிடி பச்சைப் பயறை ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். சில வாரங்கள் கழிந்தால் தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு கருமை தெரியும். அது வண்டு வெளியேறக் காத்திருக்கும் கதவு. அதன் பிறகு துல்லியமான உருண்டைத் துளை. கண்ணாடி ஜாடியில் இந்த மூன்றையும் மூடியைத் திறக்காமலே பார்க்கலாம், அடியில் சேரும் மெல்லிய தூளையும் பார்க்கலாம். எவர்சில்வர் சம்புடத்தில் வைத்தால் பயறு உளுத்துப்போய் வண்டு மொய்க்கும்போதுதான் தெரியவரும்.

பயறு வாங்கிய அன்றே ஒரு கிலோ பொட்டலத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, பிரிட்ஜின் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்துவிடுங்கள். முட்டையும் புழுவும் அதில் இறந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். சூடு சமமாகும் வரை, அதாவது மறுநாள் காலை வரை, அப்படியே இருக்கட்டும். குளிர்ந்த பயறின் மீது காற்றின் ஈரம் படிந்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும். ஃப்ரீசரில் இடமில்லாதவர்களுக்கு நம் பாட்டிகள் வழி இருக்கிறது. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, பயறெல்லாம் மினுமினுக்கும்படி கலந்துவிட்டால் போதும். எண்ணெய்ப் படலத்தில் முட்டை மூச்சு முட்டி இறக்கும், புதிதாக இடுவதும் குறையும். சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

மாவுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கொள்ளாத டப்பா போதும். பிளாஸ்டிக்கானாலும் கண்ணாடியானாலும் மூடியில் சிலிக்கோன் அல்லது ரப்பர் வளையம் இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் உணவுக்கு உகந்தது என்று குறித்திருப்பதையே எடுங்கள், பெயின்ட் வந்த வாளியை ஒருநாளும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கின் குறை, நாளாக நாளாக உட்புறம் கீறல் விழுவதுதான். அந்தக் கீறலில் மாவு தங்கும். கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலேயே மாவை விட்டுவைப்பதும் தவறு. தானியப் பூச்சிகளில் சில அதைக் கடித்துத் துளைத்துவிடும். மாவில் வரும் சிறிய செந்நிற வண்டுக்கு ஒரு தேக்கரண்டி பழைய மாவு கிடைத்தாலே குடித்தனம் நடத்தப் போதும். டப்பாவின் அடி மடிப்பிலும் மூடி வளையத்தின் அடியிலும் அதுதான் கிடக்கிறது. பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டுவது அந்தக் குடித்தனத்துக்குச் சீர் கொடுப்பது போல. தீர்ந்ததும் வளையத்தைக் கழற்றிக் கழுவி, அரை நாள் வெயிலில் காயவைத்து, பிறகு நிரப்புங்கள். மில்லில் அரைத்து வந்த கோதுமை மாவைச் சூட்டோடு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, கட்டி பிடித்து, புளித்த வாடை வரும். ஒரு தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். ரவையை வறுத்து ஆறவைத்து மூடினால் அதிலுள்ள முட்டைக்கு அத்தோடு முடிவு. மாவில் காட்டமான மருந்து வாடையோ லேசான இளஞ்சிவப்போ தெரிந்தால் சலித்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அது அந்த வண்டு விடும் சுரப்பு. அரிசியில் வரும் கூன்வண்டு அப்படியல்ல. புடைத்து, தண்ணீரில் மிதக்கும் சொத்தை மணிகளை நீக்கிக் கழுவினால் அந்த அரிசியைச் சமைக்கலாம்.

ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அரிசிக்குள் பாதரச மாத்திரை போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கிடங்குகளில் புகைமூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் விஷம். இரண்டாவதிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் தூங்கும் குழந்தையைக் கொன்றுவிடும். சமையலறைக்குள் அவை வரவே கூடாது. வேப்பிலை போடுகிறீர்கள் என்றால் நன்றாக உலர்ந்ததாகப் போடுங்கள். அது கொஞ்சம் விரட்டுமே தவிர, மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

இனி உங்கள் டிரம். அதை விற்க வேண்டாம். எலியின் பல்லுக்கு அசையாதது எவர்சில்வர்தான். அந்த வேலைக்கு அது இருக்கட்டும். அரிசியை மட்டும் டிரம்மில் தளரக் கொட்டாமல், 5 கிலோ வீதம் ஐந்து கெட்டியான, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் பைகளில் நிரப்புங்கள். காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்துக் கட்டி, டிரம்முக்குள் அடுக்குங்கள். அன்றாடச் சமையலுக்கு ஒரு பையைப் பிரித்து, தண்ணீர்ச் சோதனையில் தேறிய 7 லிட்டர் டப்பாவில் கொட்டுங்கள். அரைக் கிலோ வீதம் அது பத்து நாளில் தீர்ந்துவிடும். இறுகக் கட்டிய பைக்குள் பூச்சி கிளம்பினால், அங்கே இருக்கும் கொஞ்சக் காற்றின் உயிர்வளியைத் தானே தீர்த்துக்கொண்டு அடங்கும். நாலைந்து பூச்சி மட்டும் இருந்தால் அதற்கு வெகுநாள் பிடிக்கும். ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் அந்த ஒரு பையோடு நிற்கும். மற்ற 20 கிலோவுக்கு எளிதில் பரவாது. நிரப்புவதற்கு முன் டிரம்மின் அடிமடிப்பைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவிக் காயவையுங்கள். வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளி, ஒரு பலகைமேல் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரோடு ஒட்டி நிற்கும் எவர்சில்வர் உட்புறமும் வியர்க்கும். அடுத்த மாதம் முடிந்தால் 25 கிலோ மூட்டைக்குப் பதில் 10 கிலோவாக வாங்குங்கள். வாங்கிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு பையிலும் ஒட்டி, பழையதை முதலில் பிரியுங்கள்.