53 என்ற எண்ணுக்காகக் காத்திருந்த இத்தாலி

கேள்வி: தொடர்ந்து பத்து தடவை தோற்றாச்சு. அப்படியென்றால் அடுத்த தடவை ஜெயிக்கிற வாய்ப்பு கூடத்தானே வேண்டும்? கடைசியில் எல்லாம் சமமாகும் என்று கணக்கிலேயே இருக்கிறதே?

கூடாது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தோடு தொடர்பில்லாமல் புதிதாகத் தொடங்குகிறது என்றால், பத்து தோல்விக்குப் பிறகும் வாய்ப்பு முதல் ஆட்டத்தில் இருந்ததேதான். வாய்ப்பு கூடும் என்று நம்புவதைத்தான் சூதாடியின் பிழை என்பார்கள். 1913ல் மாண்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சுழலும் ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்த கதையைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அது ஒரு ராத்திரியில் முடிந்த கூத்து. இத்தாலியில் நடந்தது கிட்டத்தட்ட இரண்டு வருடம் இழுத்தது, கணக்குப் போட்டுப் பார்க்கவும் தோதானது.

இத்தாலியின் அரசு லாட்டரிக்கு லோட்டோ என்று பெயர். அப்போது வெனிஸ், ரோம், மிலான் என்று 10 நகரங்களின் பெயரில் தனித்தனிக் குலுக்கல் நடந்தது. புதனும் சனியும், வாரத்துக்கு இரண்டு முறை. ஒவ்வொரு நகரத்துக்கும் 1 முதல் 90 வரை எண் போட்ட பந்துகள். அதில் ஐந்தை எடுப்பார்கள். அடுத்த குலுக்கலில் மறுபடி 90 பந்தும் இருக்கும். ஒரே ஒரு எண்ணின் மீதும் பணம் கட்டலாம். அது வருவதற்கான வாய்ப்பு 90ல் 5, அதாவது 18ல் 1. வந்தால் கட்டியதைப் போல 11 மடங்கும் கொஞ்சமும் கிடைக்கும். நியாயமாகப் பார்த்தால் 18 மடங்கு தர வேண்டும். ஆகவே கட்டுகிற ஒவ்வொரு யூரோவிலும் சராசரியாக 38 சென்ட் திரும்பி வராது.

வெனிஸ் குலுக்கலில் 53 கடைசியாக வந்தது 2003 மே மாதம். அதற்குப் பிறகு வரவே இல்லை. இப்படித் தாமதமாகும் எண்களைப் பின்தொடர்வது இத்தாலியில் பழைய பழக்கம். 100 குலுக்கல் தாண்டியதும் ‘இனி வந்தே தீரும்’ என்று ஊரே கட்ட ஆரம்பித்தது. மொத்தம் 350 கோடி யூரோவுக்கு மேல் அந்த ஒற்றை எண்ணின் மீது கொட்டப்பட்டதாகச் செய்திகள் வந்தன. வீட்டுச் சேமிப்பு போனது, கடன் ஏறியது, தற்கொலைகளும் நடந்தன. 182 குலுக்கல்களில் வராமல் இருந்துவிட்டு, 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது.

சரி, அவர்கள் எங்கே தவறினார்கள்? ஒரு எண் தொடர்ந்து 183 குலுக்கல்களில் வராமல் போவதற்கான வாய்ப்பு சுமார் 35,000ல் 1. இந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதைக் குலுக்கல் தொடங்குவதற்கு முன்பு கேட்டால்தான் சரி. 182 முறை வராமல் போனது ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம். நடந்துவிட்டதற்கு இனி வாய்ப்புக் கணக்கு கிடையாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு குலுக்கல், அதில் 53 வர 18ல் 1, வராமல் போக 18ல் 17. காத்திருப்பின் கணக்கு இன்னும் கசப்பானது. எந்த எண்ணுக்கும் சராசரியாக 18 குலுக்கல் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே 182 குலுக்கல் காத்திருந்தவரும் அதற்குமேல் சராசரியாக 18 குலுக்கல் காத்திருக்க வேண்டும், அதாவது ஒன்பது வாரம். நேற்று வந்து சேர்ந்தவருக்கும் அதே ஒன்பது வாரம்தான்.

‘அவ்வளவு அபூர்வமான விஷயம் எப்படி நடந்தது? அதில் ஏதோ இருக்க வேண்டுமே’ என்பார்கள். அதையும் பார்த்துவிடலாம். 10 நகரங்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் ஐந்து எண்கள் வருகின்றன. வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் அன்றிலிருந்து ஒரு புதிய காத்திருப்பு தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 50, வருடத்துக்கு 104 குலுக்கல் என்றால் 5,200 காத்திருப்புகள். அதில் ஒன்று 182 வரை நீள்வதற்கான வாய்ப்பு 33,000ல் 1. வகுத்துப் பாருங்கள், சுமார் ஆறேகால் வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஓர் எண் இப்படிப் பிடிவாதம் பிடிக்கத்தான் செய்யும். யாரும் முன்கூட்டியே 53ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. அது தாமதமான பிறகுதான் எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி நீங்கள் சொன்ன ‘எல்லாம் சமமாகும்’. நீண்ட காலத்தில் சராசரி தன் இடத்துக்கு வரும் என்பது உண்மை. அது எப்படி வருகிறது என்பதில்தான் குழப்பம். 182 குலுக்கலில் 53 சுமார் பத்து முறை வந்திருக்க வேண்டும், ஒரு முறைகூட வரவில்லை. இந்தப் பத்தை ஈடுகட்ட அது பிற்பாடு கூடுதலாக வரும் என்றுதான் நினைக்கிறோம். அப்படி வராது. அடுத்த 18,000 குலுக்கலில் அது வழக்கம்போல 1,000 முறை வருகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் 18,182க்கு 1,000, அதாவது 5.50 சதவீதம். வர வேண்டியது 5.56. சராசரி கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, ஆனால் அந்தப் பத்து முறைக் குறை அப்படியே இருக்கிறது. குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வது மாதிரி. போட்ட உப்பை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

‘வரும் வரை தொகையை ஏற்றிக்கொண்டே போனால் விட்டதைப் பிடிக்கலாமே’ என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் கேட்பதுதான். முதல் 11 குலுக்கலுக்கு ஒவ்வொரு யூரோ கட்டுங்கள். அதன்பின் ஜெயித்தால் அதுவரை போனது முழுதாகத் திரும்ப வரும் அளவுக்கு மட்டும் தொகையை ஏற்றுங்கள், லாபமே வேண்டாம். 50வது குலுக்கலில் அன்று கட்ட வேண்டியது 37 யூரோ, அதுவரை போட்டது சுமார் 420. இது வரை பயமில்லை. 100வது குலுக்கலில் அன்று மட்டும் 3,900 யூரோ, மொத்தம் 44,000. 150வதில் மொத்தம் 46 லட்சம் யூரோவைத் தாண்டும். 53 வந்ததோ அதற்கும் பிறகு. இடையில் எங்கே பணம் தீர்ந்ததோ அங்கே ஆட்டம் முடிந்தது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எடுத்தது திரும்பப் போகாத ஆட்டங்களில் கடந்த காலத்துக்கு வேலை உண்டு. சீட்டுக்கட்டில் மூன்று ஏஸ் கீழே விழுந்துவிட்டால் மிச்சக் கட்டில் ஒன்றுதான், இதை நினைவில் வைப்பது பிழை இல்லை. ஆனால் கட்டை மறுபடி கலைத்ததும் அந்த நினைவுக்கு மதிப்பில்லை. உங்கள் ஆட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. நீண்ட தோல்வியிலிருந்து ஏதாவது முடிவுக்கு வரத்தான் வேண்டும் என்றால், அது எதிர்ப்பக்கம்தான் கை காட்டும். ஓர் எண் வரவே மாட்டேன் என்கிறது என்றால் அந்தப் பந்து இயந்திரத்துக்குள் இருக்கிறதா, அதன் எடையும் மற்றப் பந்துகளின் எடைதானா என்று சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தவர் அந்த எண்ணில் கட்டுவதைக் குறைக்க வேண்டும். வெனிஸில் பந்து உள்ளேதான் இருந்தது.